எத்தனை பேர்க்கும் எலையிருக்கு

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் உட்கார்ந்தவன் இல்லை. ஆனாலும் நான் எழுதிய பாட்டு அச்சில் வந்திருக்கிறது. பீளமேட்டிலிருந்து தாராபுரம் வரைக்கும் நூற்றுக்கணக்கான வீடுகளில் சுவரில் ஆணியடித்து அதை மாட்டி வைத்திருந்தார்கள். படித்தவர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு வண்டி பூட்டிக்கொண்டு சாப்பிட வந்தவர்கள் உண்டா? என் பாட்டைப் படித்துவிட்டு வந்தார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது பீளமேட்டில் மில்லுக்குப் பின்னால் வாடகைக் கொட்டகையில் முன்னால் மோட்டார்ப் பட்டறையும் பின்னால் குடித்தனமும் வைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை எடுத்துப்போட்டு, புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டி ஓட விடுவது என் தொழில். தோட்டத்துக்குத் தோட்டம் கரண்டு வந்துகொண்டிருந்த காலம். கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த மாடுகளையெல்லாம் விற்றுவிட்டு மோட்டார் வைத்தார்கள். கோடையில் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கும், மோட்டார் சூடேறிக் காயில் புகையும், தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வருவார்கள். நான் கட்டிய காயில் மறுபடி புகைந்தது என்று ஒரு ஆள் சொல்லட்டும் பார்க்கலாம். இன்றைக்கும் சொல்ல முடியாது.

தொழில் இப்படி ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டில் ஒரு குறை இருந்தது. என் மகளுக்குக் காது குத்தாமல் நாள் தள்ளிக்கொண்டே போனது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். என் சம்சாரத்துக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். தாராபுரத்துக்குப் பக்கத்தில் அமராவதிக் கரையில் தோட்டம். அந்த மச்சானும் நானும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு மாடு. அந்தியூர்ச் சந்தைக்கு ஒன்றாகத்தான் போனோம். அவர் ஒரு ஜோடிக் காளை பார்த்தார். அதில் வலத்துக் காளைக்கு முதுகில் மயிர்ச்சுழி சரியில்லை என்று நான் சொன்னேன். சொன்னது சரிதான், இன்றைக்கும் சரிதான். தரகனும் நாலு ஊர்க்காரர்களும் நிற்கும்போது அவர், "காயில் கட்டறவருக்கு மாட்டுச் சுழி என்னங்க தெரியும்?" என்றார். "கவலை ஓட்டறவருக்கு எதுதானுங்க தெரியும்?" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார், நான் பஸ் ஏறி இந்தப் பக்கம் வந்தேன். அதோடு போக்குவரத்து நின்றது.

"அம்மணியோட பங்காளி மொறையில எவராச்சும் மாமன் மொறை செய்யறவங்க இருப்பாங்க, அவிங்க மடியில வெச்சுக் குத்திப்போடலாம்" என்று ஊரில் சொன்னார்கள். என் சம்சாரம் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் உசுரோட கல்லாட்டம் இருக்கறப்ப எம்புள்ளைக்கு வேறொருத்தர் மடி எதுக்குங்க?" என்பாள். குழந்தையின் வெறுங்காதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அண்ணனை நேரில் போய்க் கூப்பிடவும் அவளுக்கு வழியில்லை. புருஷன் கூப்பிடாத வீட்டுக்கு அவர் வரமாட்டார். முதலில் போய்க் கூப்பிட நான் என்ன, சுழி பார்க்கத் தெரியாதவனா?

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பங்குனியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய பெரிய மில்காரர்களும் துணிக்கடைக்காரர்களும் சித்திரை வருஷப் பிறப்புக்கு வாழ்த்து அட்டை அடித்து அனுப்புவார்கள். நானும் அடித்து, என்னிடம் மோட்டார் கட்டிய அத்தனை பேருக்கும் அனுப்புவது என்று முடிவு செய்தேன். சம்சாரத்திடம் சொன்னேன். அவள் பருத்திப்பால் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

"அத்தனை பேருக்குங்களா?"

"அத்தனை பேருக்கும்."

"எங்கண்ணன் ஊர்லயும் உங்ககிட்ட மோட்டார் கட்டினவிங்க இருக்கறாங்கல்லங்க?"

"ஏழெட்டுப் பேர் இருப்பாங்க."

"அப்ப அவங்களோட ஒண்ணு, எங்கண்ணனுக்கும் போகட்டுமுங்க. எல்லாத்துக்கும் போற அட்டைதானுங்களே. நீங்க கூப்பிட்டதாவும் ஆகாது, கூப்பிடாததாவும் ஆகாது."

யோசித்துப் பார்த்தேன். நான் இறங்கிப் போனதாக யாரும் சொல்ல முடியாது. மோட்டார்க்காரர்களுக்கு வாழ்த்து, அதில் ஒரு மச்சான். "செரி, போட்டுக்கோ" என்றேன்.

பட்டணத்தில் பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. அச்சகக்காரர் மூக்குக்கண்ணாடி போட்ட நல்ல மனுஷர். அவர் மோட்டாரையும் நான்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். வாழ்த்து அட்டை என்றதும் ஒரு கட்டு மாதிரி அட்டைகளை எடுத்துப் போட்டார். தயாராக எழுதி வைத்த வாழ்த்துப் பாட்டுகள், பேரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை எடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தார். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. பட்டறைக்குத் திரும்பும் வழியில் இருக்கும் வெங்காய மண்டிக்காரரும் போன வருஷம் அதையேதான் அனுப்பியிருந்தார்.

"வெங்காயத்துக்கும் மோட்டாருக்கும் ஒரே பாட்டுங்களா?" என்று கேட்டேன்.

"அப்ப நீங்களே எழுதிட்டு வாங்களேன்" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணுங்க. அட்டை போஸ்ட் கார்டு அளவுதான். மேல விளக்குப் படம் ஒண்ணு வைக்கணும், கீழ உங்க பேர் விலாசம். நடுவுல நாலு வரிக்குத்தான் எடம். தூரத்துல மாட்டினாலும் தெரியற மாதிரிப் பெரிய எழுத்துப் போட்டா ஒரு வரியில நாலஞ்சு வார்த்தைக்கு மேல நிக்காது."

நாலு வரி. வரிக்கு நாலு வார்த்தை. மோட்டாரின் முப்பத்தாறு பள்ளத்துக்கும் காயில் கட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா? அன்று பொழுது சாய்வதற்குள் எழுதிவிட்டேன். சம்சாரத்தை உட்கார வைத்துப் படித்தேன்.

பீளமேட்டுப் பட்டறையில்
பேர் எடுத்த ஆளு நான்
ஓடாத மோட்டாரை
ஓட வைக்கும் தோளு நான்

"எப்படி?" என்றேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கிய பிறகு, "நல்லாத்தானுங்க இருக்குது. வருசப் பொறப்பு எங்கீங்க?" என்றாள்.

"மேலதான் விளக்குப் படம் இருக்குதல்ல?"

"வாழ்த்துன்னா படிக்கறவிங்கள வாழ்த்தோணுமுங்க. இதுல நீங்க உங்களையே வாழ்த்திக்கிட்டீங்க. எங்கண்ணன் இதப் பாத்தா தோளுக்குப் பதிலு எழுதி அனுப்புவாரு."

அதுவும் சரிதான் என்று பட்டது. மறுநாள் கம்பி சுற்றிக்கொண்டே வேறொன்று கட்டினேன்.

போனதெல்லாம் போகட்டும்
புதுவருசம் வாழட்டும்

இரண்டு வரி சொல்லும்போதே அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, மொத வார்த்தையே போன்னு ஆரம்பிக்கறீங்க!"

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் கூட "போறேன்" என்று சொல்ல மாட்டான், "போயிட்டு வாரேனுங்க" என்பான். அப்படியிருக்க, வருஷத்தின் முதல் நாள், கனி பார்த்துக் கண் விழித்த கையோடு படிக்கிற அட்டை 'போ' என்று தொடங்கினால் எவன் அதைச் சுவரில் மாட்டுவான்? எனக்கு ஓசைதான் காதில் விழுந்தது, அவளுக்கு நல்ல வார்த்தை கெட்ட வார்த்தை காதில் விழுந்தது.

"அதோட, போனதெல்லாம் போகட்டும்னா எது போகட்டும்னு எங்கண்ணன் கேப்பாரு. மாடு ஞாவகம் வந்துருமுங்க" என்றாள். "நடந்தத ஒண்ணும் சொல்லாதீங்க. இல்லாததையும் சொல்லாதீங்க. மொத வார்த்தையே நெறைஞ்ச வார்த்தையா இருக்கோணும்."

"நெறைஞ்ச வார்த்தைக்கு நான் எங்க போவேன்?"

"சித்திரைன்னே ஆரம்பிங்க. அதை விட நெறைஞ்சது என்ன இருக்குது?"

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தட்ட ஆரம்பித்தாள். கோயில் நோம்பிக்கு ஊரில் பெண்கள் கும்மி தட்டுவார்களே, அந்தத் தட்டு. மூன்று தட்டு, ஒரு சின்ன இழுப்பு. மறுபடி மூன்று தட்டு.

"இதுல நிக்கறாப்பல வார்த்தை சொல்லுங்க. இதுல நின்னுச்சுன்னா படிக்கத் தெரியாதவிங்களுக்கும் ஒரு தடவ கேட்டா மனசுல ஒட்டிக்கும்."

எனக்கு அது சட்டென்று பிடித்துப்போயிற்று. காயில் கட்டுவதும் அதுதானே. பள்ளத்துக்கு இத்தனை சுற்று என்று கணக்கு. ஒரு சுற்று கூடினாலும் அடங்காது, குறைந்தாலும் ஓடாது. அவள் தட்டத் தட்ட நான் வார்த்தையைச் சுற்றினேன். 'சித்திரை வந்தது வாசலிலே' என்றேன். மூன்று தட்டில் நின்றது. இழுப்பில் போட ஒரு சின்ன வார்த்தை வேண்டுமே? வெளியே பார்த்தேன். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் தோட்டத்தில் வேம்பு வெள்ளை வெளேர் என்று பூத்திருந்தது. "வேம்பு" என்றேன். "பூத்துச் சிரிக்குது தோட்டத்திலே" என்று அவள் முடித்தாள். வேம்பு கசக்கும் என்றாலும் அதன் பூ இல்லாமல் எங்களுக்கு வருஷப் பிறப்பு இல்லை. அதனால் அது நல்ல வார்த்தைதான்.

பாதி முடிந்தது. இனி ஆளைக் கூப்பிட வேண்டும். கடைசி அடி அவளுடையது. 'ஒட்டுக்கா வாங்க நம்மூட்டுக்கு.' எல்லாரும் சேர்ந்து வருவதை நாங்கள் ஒட்டுக்கா என்போம். நான் "எங்கூட்டுக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். "எங்கூடுன்னா உங்க ஊடு. நம்மூடுன்னா வர்றவருக்கும் ஊடு" என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் அடிக்குத்தான் சண்டை. அடியின் முதல் வார்த்தையில் இரண்டாம் எழுத்து சித்திரையில் வருகிற மாதிரியே ஒலிக்க வேண்டும் என்று கும்மியில் ஒரு வழக்கம். 'முத்து' என்றாள், 'பத்து' என்றாள். நான் எழுந்து நின்று சொன்னேன்: "எத்தனை பேர்க்கும் எலையிருக்கு!"

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இது பெருமையில்லீங்களா?"

"பெருமையேதான். நாலு வரியில ஒரு வரிகூட நான் இல்லாட்டி அப்புறம் அட்டை எதுக்கு?"

அவள் மறுபடி தட்டிப் பார்த்தாள். நின்றது. சித்திரைக்கும் எத்தனைக்கும் பொருந்தியது. "செரி, எலை போடறவங்க பெருமை ஒண்ணும் தப்பில்ல" என்று விட்டுவிட்டாள். ஆகக் கூடி வந்தது இதுதான்:

சித்திரை வந்தது வாசலிலே – வேம்பு
பூத்துச் சிரிக்குது தோட்டத்திலே
எத்தனை பேர்க்கும் எலையிருக்கு – நீங்க
ஒட்டுக்கா வாங்க நம்மூட்டுக்கு

இதில் தெரியாத வார்த்தை ஒன்று இருந்தால் சொல்லுங்கள். ஆடு மேய்க்கிறவருக்கும் புரியும், ஆபீசருக்கும் புரியும்.

அச்சகக்காரர் தாளை வாங்கிப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "எலை, ஊடு எல்லாம் பேச்சுங்க. அச்சுல இலை, வீடுன்னுதான் போடுவாங்க. 'இலை இருக்கிறது', 'நம் வீட்டுக்கு வாருங்கள்'. அப்பத்தான் மரியாதை."

"நான் ஒரு தட்டுத் தட்டறேன், நீங்க சொன்னபடி பாடுங்க" என்றேன். மேசையில் தட்டினேன். அவர் பாடினார். 'வாருங்கள்' வந்ததும் தட்டு முடிந்துபோய்ச் சொல் மட்டும் மிச்சம் நின்றது. மறுபடி ஒரு தரம் பாடினார். மறுபடி மிஞ்சியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நொண்டுதுங்க" என்றார். பிறகு நான் எழுதியபடியே பாடினார். இரண்டாம் தரம் அவர் விரலும் மேசையில் சேர்ந்து தட்டியது. "அப்படியே வெச்சுருவோமுங்க, கெடக்குது" என்று சொல்லிவிட்டு, எழுத்துக் கோக்கிற ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மனுஷர் மனசார ஒத்துக்கொண்டதுதான் அழகு.

அந்த ஆள் ஒவ்வொரு எழுத்தாய் அறைப்பெட்டியிலிருந்து பொறுக்கித் தலைகீழாகக் கோத்தார். பெரிய எழுத்தில் 'வேம்பு' வரியோரத்தில் நிற்கவில்லை. ஒரு அளவு சின்ன எழுத்துக்கு இறக்கினார். மூன்றாம் அடியை மட்டும் பெரிதாகப் போட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். கேட்பதில் என்ன?

மை என்ன கலர் என்று கேட்டார்கள். கறுப்பில் வாழ்த்து அடிக்கக் கூடாது. கறுப்பு எழவு அட்டைக்கு உள்ளது. மஞ்சள் அட்டையில் சிவப்பு மை என்று சொன்னேன். அதற்கு டிரெடில் அச்சு மெஷினின் உருளையை மண்ணெண்ணெய் போட்டுக் கறுப்பு போகக் கழுவ வேண்டும். அதனால் சிவப்பு வேலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில்தான் அடிப்பார்கள். என் அட்டையும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஒன்றாக அடிபட்டன. சிவப்பு மை சீக்கிரம் உலராது. ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கயிறு கட்டித் துணி மாதிரிக் காயப் போட்டிருந்தார்கள். அச்சகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

வீட்டில் உட்கார்ந்து விலாசம் எழுதினது சம்சாரம். அவள் ஐந்தாம் வகுப்பு, என்னைவிட இரண்டு கூட. உறையை ஒட்டாமல் மடித்து அனுப்பினால் புக் போஸ்ட்டில் குறைந்த தபால் தலைதான். ஆனால் உள்ளே அச்சடித்ததைத் தவிரக் கையால் கடிதம் எழுதிச் சேர்க்கக் கூடாது. அண்ணனுக்குரிய உறையை எடுத்தபோது அவள் கை கொஞ்சம் நின்றது.

"ரெண்டு வார்த்தை எழுதிக்கட்டுங்களா?"

"எழுதினா தபால்காரன் அவர்கிட்டத் தண்டம் கேப்பான். அந்தக் கோபத்துக்கும் நான்தான் பொறுப்பாவேன்."

எழுதாமலே மடித்தாள். ஆக, அந்த உறையின் மேலே தங்கச்சியின் கையெழுத்து, உள்ளே என் பாட்டு. வேறொன்றும் இல்லை. அவளுடைய ஆசை முழுவதும் அந்த நாலு வரியில்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவள் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் பெருக்கினாள். பதில் ஒன்றும் வரவில்லை. வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் வெண்கலத் தட்டில் கனி வைத்தாள். மா, பலா, வாழை, வெற்றிலை, வெல்லம், நெல், கண்ணாடி, அவளுடைய வளையல். "உங்கண்ணனுக்கு அட்டை கெடைச்சிருக்கும், நேரம் கெடைச்சிருக்காது" என்று தேற்றினேன். "எலை எத்தனைங்க வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒரு கட்டு" என்றேன். "மூணு பேருக்கு ஒரு கட்டுங்களா?" என்று சிரித்தாள்.

விடிந்தது. கனி பார்த்தோம். குளித்துச் சாமி கும்பிட்டு, வேப்பம்பூப் பச்சடியும் பருப்பு வடையும் தயாராகிக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு குரல். "ஏனுங்க, ஊட்ல இருக்கறீங்களா?"

சூலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், சம்சாரம், இரண்டு பிள்ளைகள். எல்லோரும் புதுத்துணி. கையில் என் மஞ்சள் அட்டை. "அட்டை வந்துதுங்க. இத்தனை பிரியமாக் கூப்பிட்டிருக்கறீங்க, வராட்டி நல்லாருக்குங்களா? அதான் வந்துட்டமுங்க."

"வாங்க வாங்க" என்று உட்கார வைத்தேன். அவர் பின்னாலேயே இருகூர்க்காரர் வந்தார். பிறகு ஒரு மாட்டு வண்டி. பிறகு ஒத்தை மாட்டு வண்டி ஒன்றில் கிழவர் ஒருவர், பேரப்பிள்ளைகள் சூழ. வண்டியிலிருந்தபடியே, "எத்தனை பேர்க்கும் எலையிருக்கு" என்று பிள்ளைகள் ராகம் போட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பெரிய வார்த்தை போட்டு அனுப்பும் வாழ்த்தை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை. 'இன்பம் பொங்குக' என்றால் பொங்கட்டும் என்று மாட்டிவிடுவார்கள். நான் பேசுகிற பாஷையில் 'வாங்க, எலையிருக்கு' என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் ஒருவர் மரியாதையாக வாங்க என்று கூப்பிட்டு, மற்றவர் வராமல் இருந்தால் அது கூப்பிட்டவருக்கு அவமானம். ஆக என் மானத்தைக் காப்பாற்றத்தான் அத்தனை பேரும் கிளம்பி வந்திருக்கிறார்கள்! அட்டை அடித்தவன் எவனுக்கும் வராத கூட்டம் எனக்கு வந்தது.

சம்சாரம் அடுக்களையிலிருந்து தலையை நீட்டினாள். "ஏனுங்க, எத்தனை பேருக்கு அனுப்பினோம்?" என்றாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சிரிப்புத்தான்.

வீட்டுச் சொந்தக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். அவர்களுக்கு யுகாதி முன்னாலேயே முடிந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், "எங்க வருசப் பொறப்பு எப்பவோ போயிருச்சு, அண்டா சும்மாத்தான் கெடக்குது. எடுத்துக்கோ அம்மணி" என்று இரண்டு பெரிய அண்டாவைத் தள்ளிவிட்டார். அவர் மருமகள்களும் வந்து அடுப்பு மூட்டினார்கள். பட்டறைச் சாமானையெல்லாம் ஓரம் தள்ளி, மோட்டார்களின் மேல் கோணிப்பை போட்டு மூடி, அங்கேயே பந்திப்பாய் விரித்தேன். முதல் பந்தி நடந்தது. இரண்டாம் பந்தி முடிந்து எண்ணிப் பார்த்தால் இலைக்கட்டு காலி. மூன்றாம் பந்திக்கு ஆள் உட்கார்ந்தாயிற்று, எதிரில் வெறும் தரை. நல்ல நாள் பார்த்துப் பீளமேட்டில் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை.

அட்டையை மடியில் வைத்திருந்த கிழவர் தரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்கு வாய்விட்டுத் திட்டியிருக்கலாம்.

அந்த நேரம் மெயின் ரோட்டில் தாராபுரம் பஸ் வந்து நின்றது. கும்பலாக ஆட்கள் இறங்கி நடந்து வந்தார்கள். எல்லாரும் மச்சான் ஊர்க்காரர்கள். நடுவில் ஒருவர் தோளில் பெரிய வாழையிலைக் கட்டு. முகம் தெரியவில்லை, இலைதான் நடந்து வந்தது. வாசலுக்கு வந்து இறக்கிய பிறகுதான் தெரிந்தது, மச்சான்.

முதலில் யார் பேசுவது என்று இரண்டு பேரும் நின்றோம். அவர் ஊர்க்காரர் ஒருவர்தான் சொன்னார்: "தபால்காரர் டீக்கடையில வெச்சுப் படிச்சாருங்க. ஊரு முழுக்கப் பாட்டுத்தான். எங்களுக்கெல்லாம் எலை போட்டிருக்காரு உங்க மாப்ள, உங்களுக்குப் போடாம இருப்பாரான்னு இழுத்துட்டு வந்தமுங்க."

மச்சான் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் ஒண்ணும் வரலீங்க. இவங்களுக்கு வழி தெரியாது, காட்ட வந்தேன்."

"எலை எதுக்குங்க?" என்று கேட்டேன். நான்தான் முதலில் பேசினேன் என்று பிறகு அவர் சொல்லித் திரிந்தார். அது கேள்வி, பேச்சு ஆகாது.

"எங்க மாப்ள எழுதற எழுத்தப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, எலை பத்தாதுன்னு. அதான் காத்தால தோட்டத்துல அறுத்துட்டு வந்தேன்" என்றார். உட்கார்ந்திருந்த மூன்றாம் பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்த இலை வந்த வேகத்தில் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த நிமிஷமே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்குவாளியைக் கையில் எடுத்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறுவது மாமன் மச்சான்மார் வேலை. அவர் விருந்தாளியாக வந்திருந்தால் உட்காரச் சொல்லி உபசாரம் செய்ய வேண்டும், ஏன் வரவில்லை ஏன் போனீர்கள் என்று பழசெல்லாம் கிளம்பும். பசியோடு கூட்டம் உட்கார்ந்திருந்ததால் அதற்கெல்லாம் நேரமில்லை. "மாப்ள, இந்தப் பக்கம் ரசம்!" "மச்சான், அங்க கிழவருக்கு வடை!" என்று கத்திக்கொண்டே இரண்டு பேரும் ஓடினோம். இத்தனை காலம் பேசாதவர்கள் ஒரு பொழுதுக்குள் தொண்டை கட்டுகிற மட்டும் பேசிவிட்டோம். எல்லாம் குழம்பு, ரசம், மோர் பற்றித்தான்.

இடையில் ஒருதரம் அடுக்களை வாசலில் அவர் வாளியை நீட்டிக்கொண்டு நின்றார். சம்சாரம் பாயசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாளி நிறைந்து வழிந்தது, அவள் நிறுத்தவில்லை.

"போதும் அம்மணி, கையில ஊத்தறே" என்றார்.

"அட்டை கெடைச்சுதுங்களாண்ணா?"

"உன் கையெழுத்துக் கெடைச்சுது" என்றார். அவ்வளவுதான். துண்டை எடுத்து வழிந்த பாயசத்தைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

கடைசிப் பந்தியில் பரிமாறினவர்கள் உட்காருவது வழக்கம். மச்சானும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் மகள் புதுப் பாவாடையோடு வந்து அவர் எதிரில் நின்று, இது யார் என்று பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் காதைப் பார்த்தார். கையை நிறுத்தினார்.

"இன்னும் குத்தலீங்களா?"

சம்சாரம் ரசக் கரண்டியோடு நின்றாள். "யார் மடியிலங்கண்ணா குத்தறது?"

மச்சான் இடது கையால் குழந்தையை இழுத்து, சாப்பிடும்போதே மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "இது என்ன, வேற எவனுதோ மடியா?" என்றார். "வைகாசியில நல்ல நாள் பாருங்க மாப்ள. தோடு நான் போடறேன்."

நாள் பார்த்தது நான். ஆசாரியை அழைத்து வந்ததும் நான். வைகாசியில் அதே பட்டறை வாசலில் பந்தல் போட்டுக் காது குத்தினோம். ஊசி இறங்கும்போது என் மகள் வீரிட்டு, அழுத்திப் பிடித்திருந்த தாய்மாமன் விரலைக் கடித்துவிட்டாள். மச்சான் கையை எடுக்கவில்லை. "கடி சாமி, நல்லாக் கடி" என்று சொல்லிக்கொண்டே அவளுடைய இன்னொரு காதையும் ஆசாரி பக்கம் திருப்பிக் கொடுத்தார். சம்சாரம் அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டே அழுதாள்.